குவார்ட்டருக்கு எவ்வளவு மாப்ள? - ஒத்தை நம்பரும் ஒரு டன் வம்பும்

தலைப்பைப் பார்த்துட்டு ஆவலா உள்ள வந்த நண்பர்கள் மன்னிக்கவும். இது காலாண்டுக் கணக்கு பற்றின பதிவு :)

திருப்பூர்ல எங்க மாமாவுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கு. முப்பது நாப்பது பவர் டேபிள், ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின். நிட்டிங், டையிங் எல்லாம் வெளிய ஜாப் ஒர்க். ரெண்டு மூணு பையருக்கு டி-ஷர்ட் ஏற்றுமதி. 2025 மார்ச் கடைசியில ஊருக்குப் போயிருந்தப்போ மாமா கேட்டார்:

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறீல்ல. ஏப்ரல், மே, ஜூன்ல எத்தனை பீஸ் போகும்னு போட்டுச் சொல்லு. நூல் புக் பண்ணோணும்."

இஞ்சினியரிங் படிச்சவன் கிட்ட இப்படிக் கேட்டா விடுவானா? லேப்டாப்பைத் திறந்தேன். மொதல்ல எடுத்த ஒரு உருப்படியான முடிவு, ரூபாயை விட்டுட்டு பீஸ் கணக்கை எடுத்தது. 2021, 2022ல நூல் விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மே மாசம் திருப்பூர்ல ரெண்டு நாள் ஸ்டிரைக்கே நடந்துச்சு. அந்தக் காலத்து பில்லுல ரூபாய் ஏறினது நூல் விலையால. கூடுதலா துணி தைச்சதால இல்ல. 2020 ஏப்ரல்-ஜூனையும் சேர்க்கல. ஊரடங்குல ஷட்டர் மூடிக் கிடந்த மாசங்களை ஆரம்பத்துல வச்சா, கோடு அங்கிருந்து ராக்கெட் மாதிரி கிளம்பும். அதனால 2022 ஏப்ரல்ல ஆரம்பிச்சு மூணு வருஷம், பன்னெண்டு காலாண்டு. கணக்கு ஆயிரம் பீஸ்ல:

```
          ஏப்-ஜூன்  ஜூலை-செப்  அக்-டிச  ஜன-மார்ச்
2022-23      88        90        92       121
2023-24     101        82       111       120
2024-25     102        99       104       138
```

காலாண்டு நம்பர் 1 முதல் 12 வரை A காலத்துல, பீஸ் B காலத்துல. அடுத்த காலாண்டு 13.

```
=FORECAST(13,B2:B13,A2:A13)
```

வந்த விடை 120. அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் பீஸ். "120 மாமா"ன்னு பெருமையா சொன்னேன். மாமா நோட்டைப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மூணு வருசமா ஏப்ரல்-ஜூன்ல நூறைத் தாண்டவே தள்ளாடுது. இந்த வருசம் மட்டும் எப்படிரா 120?"

பதில் இல்ல. சார்ட் போட்டுப் பார்த்தா சங்கதி புரிஞ்சுது. ஜனவரி-மார்ச் புள்ளி மூணு வருஷமும் கோட்டுக்கு மேல நிக்குது. ஜூலை-செப்டம்பர் புள்ளி மூணும் கோட்டுக்குக் கீழ. கோடு சரியா இருந்தா புள்ளிகள் மேலயும் கீழயும் தாறுமாறா சிதறணும். இப்படி ஒழுங்கா வரிசை கட்டி நின்னா, கோடு எதையோ கவனிக்கலைன்னு அர்த்தம். கவனிக்காம விட்டது சீசன். வெளிநாட்டுக் கடைகளுக்குக் கோடைக்கான டி-ஷர்ட் ஜனவரி-மார்ச்ல கப்பல் ஏறும். அது முடிஞ்சதும் இறக்கம். அந்த உச்சத்துல கொண்டுபோய் முடிச்ச கோடு அதே வேகத்துல மேல போறதா நினைச்சுக்குது.

திருத்தினது இப்படி. ஒவ்வொரு காலாண்டையும் அதே காலாண்டோட மட்டும் ஒப்பிடணும். மொத வருஷத்துக்கும் மூணாவது வருஷத்துக்கும் வித்தியாசம்: 14, 9, 12, 17. சராசரி 13. ரெண்டு வருஷத்துல 13ன்னா வருஷத்துக்கு ஆறரை. ஏப்ரல்-ஜூன் மூணு வருஷ சராசரி 97. அந்தச் சராசரி நடு வருஷத்துல நிக்குது, நமக்கு வேண்டியது அங்கிருந்து ரெண்டு வருஷம் தள்ளி. 97 + 13 = 110. கோடு அதேதான், சீசனை விலக்கிட்டுப் போட்ட கோடு.

120க்கும் 110க்கும் பத்தாயிரம் பீஸ் வித்தியாசம். கிலோவுக்கு அஞ்சு பீஸ்னு வச்சா ரெண்டு டன் நூல். கிலோ 260 ரூபாய்னா அஞ்சு லட்சத்துக்கு மேல. சின்னக் கம்பெனிக்கு அது சனிக்கிழமை சம்பளக் காசு.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். 110ன்னு சொல்றதும் பாதி உண்மைதான். இந்த முறையில பழைய பன்னெண்டு காலாண்டையும் கணிச்சுப் பார்த்து, நிஜத்துக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாம் வர்க்கம் பண்ணிக் கூட்டினேன்: 318. இதைப் பன்னெண்டால வகுக்கக்கூடாது. நாலு சீசன் சராசரி, ஒரு ஏற்றம்னு அஞ்சு எண்ணை அதே தரவுலேருந்து எடுத்துட்டோம், அதனால மீதி 7. வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 6.7. அந்தச் சராசரியும் ஏற்றமும் கூட நம்ம கணிப்புதானே, அதுலயும் பிசகு இருக்கும். அதைச் சேர்த்தா 6.7 கிட்டத்தட்ட 9 ஆகுது. பத்துக்கு எட்டு தடவை சரியா இருக்கணும்னா, இவ்வளவு கொஞ்சமான தரவுக்கு அதை 1.4ஆல பெருக்கணும். 13 வருது.

ஆக நேர்மையான விடை: 97 முதல் 123 வரை, நடு 110.

மாமாவுக்குப் பிடிக்கல. "போகும் ஆனா போகாதுங்கற மாதிரி இருக்குதே. ஒரே நம்பரா சொல்லு கண்ணு."

அங்கதான் எனக்கும் பல பேருக்கும் கருத்து வேறுபாடு. ஒத்தை நம்பர் கேக்கறதுக்குத் துணிச்சலா இருக்கும், ஆனா அதை வச்சு ஒரே ஒரு முடிவுதான் எடுக்க முடியும். வீச்சு இருந்தா மூணு முடிவு எடுக்கலாம். 97க்கு நூலை உறுதியா புக் பண்ணுங்க, அது தேங்க வாய்ப்புக் கம்மி. 110 வரைக்கும் நிட்டிங், டையிங்காரங்க கிட்ட இடம் சொல்லி வைங்க, காசு கொடுக்க வேண்டாம். 123 வந்தா யார்கிட்ட நூல் வாங்கறதுன்னு இப்பவே பேசி வைங்க. கடைசி நேரத்துல வேற லாட் நூலை வாங்கிச் சாயம் போட்டா ஷேடு மாறும், பையர் திருப்பி விடுவான். நூல் தேங்கினா வட்டி போகும், பத்தாமப் போனா ஆர்டரே போகும். ரெண்டு நஷ்டமும் ஒண்ணில்லாதப்போ நடு நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?

மாமா முணுமுணுத்துக்கிட்டே அப்படித்தான் பண்ணினார். ஜூன் கடைசியில வந்தது 104. 110ம் தப்பு, 120ம் தப்பு, வீச்சு சரி. நூலும் தேங்கல.

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் ஹீரோ. ஜூலை-செப்டம்பருக்கு அதே முறையில 90 முதல் 116 வரைன்னு சொல்லியிருந்தேன். 2025 ஆகஸ்ட் 7ல இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டுச்சு, 27ஆம் தேதி அது 50 ஆச்சு. மாமாவோட அமெரிக்க பையர் ஆர்டரை நிறுத்தி வச்சார். வந்தது 71.

கணக்கு பொய்யா? இல்ல. அந்த வீச்சு, கடந்த மூணு வருஷத்துல நடந்த மாதிரி ஆட்டங்களுக்கு மட்டும்தான் பொறுப்பு. அந்த மூணு வருஷத்துல இப்படி ஒரு வரி இல்ல. எண்பதை 95 சதவீதமா ஆக்கி வீச்சை அகலப்படுத்தியிருந்தாலும் கீழ் முனை 82தான் வந்திருக்கும். இந்த மாதிரி ஆபத்தை கோட்டுக்குள்ள தேடாம, தனியா ஒரு கேள்வியா கேக்கணும்: எந்தப் பையர் ஒருத்தர் போனா எத்தனை பீஸ் போகும்? மாமா நோட்டுல அதுக்குப் பதில் இருந்துச்சு. நான்தான் கேக்கல.

இப்பல்லாம் மாமா "எத்தனை?"ன்னு கேக்கறதில்ல. "எதுலருந்து எது வரைக்கும்?"னு கேக்கறார். கூடவே, "யாரு காலை வாருவாங்கறதையும் சேத்துச் சொல்லு"ங்கறார்.

டிஸ்கி: மாமா அனுமதியோட எழுதினது. தன் பேரைப் போடக்கூடாதுன்னு மட்டும் சொன்னார். உங்க ஆபீஸ்ல ஒத்தை நம்பர் கேக்கற மேனேஜரை எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.