பதினாறு வயது எல்.எல்.ஆரும் என் ஸ்கூட்டர் சாவியும்

போன மாதம் பேரன் கையில் எல்.எல்.ஆர். தாளோடு வந்து நின்றான். "தாத்தா, இனிமே உங்க ஸ்கூட்டரை நான் ஓட்டலாம்" என்றான். வயது பதினாறரை. "நாங்க சம்மதக் கையெழுத்துப் போட்டுத்தான்பா வாங்கினோம்" என்றாள் மகள். நான் சாவியைக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தத் தாள் பொய்யில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் 50 சிசி-க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். என் ஸ்கூட்டர் 110 சிசி. அதற்கும் காருக்கும் பதினெட்டு முடிய வேண்டும். பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தாலும் பதினேழு வயதில் கார் பழக ரோட்டில் இடமில்லை.

அந்தக் காலத்தில் நானே 50 சிசி மொபெட்டில்தான் ஆபீஸ் போனேன். இன்றைக்கு ஷோரூமில் போய்க் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். அந்த மொபெட்டே இப்போது 100 சிசி ஆகிவிட்டது. வண்டியே இல்லாத லைசென்ஸைக் கொடுத்துவிட்டு, பிள்ளை வேறு வண்டியைத் தொடாது என்று அரசாங்கம் எப்படி நம்புகிறது? ஒன்று அந்தச் சலுகையை எடுக்க வேண்டும், இல்லை இன்றைய வண்டிகளுக்கு ஏற்றபடி வேகத்தை வைத்து மாற்றி எழுத வேண்டும்.

பிடிபட்டால் மாட்டுவது பேரன் மட்டுமல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோரும் வண்டிக்குச் சொந்தக்காரரும் குற்றவாளி. ஆர்.சி. புக்கில் இருப்பது என் பெயர். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. கையில் எல்.எல்.ஆர். இருப்பது காப்பாற்றாதா என்றால், அதில் எழுதியுள்ள வகை வண்டியை ஓட்டினால்தான் காப்பாற்றும்.

சரி, பதினெட்டு என்றைக்கு முடிகிறது? பதினெட்டாவது பிறந்தநாள் விடியும்போதே முடிந்ததாகச் சட்டக் கணக்கு. எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே அந்த வயது இருக்க வேண்டும். டெஸ்ட் அன்றைக்கு வயது வந்துவிடும் என்று முன்கூட்டியே போட முடியாது. ஓட்டிக் காட்டும் டெஸ்ட் எப்படியும் எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான்.

வயதை யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, தாளில் உள்ள தேதிதான் பேசும். எனக்கு ஐப்பசியில் பிறந்தநாள், தலைமையாசிரியர் எழுதியதோ ஜூன். அதோடுதான் ரிடையரும் ஆனேன். அந்தச் சந்தேகத்தில் பேரனின் தாள்களை வாங்கிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் 12-9. ஆதாரில் 9-12. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. ஆதாரை வைத்துப் போட்டால் செப்டம்பரில் கிடைக்க வேண்டியது டிசம்பருக்குப் போய்விடும்.

அடுத்த நாளே மகள் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனாள். சாவி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.