எந்த விலையில் வெளியே வருவாய்?

அன்புத் தம்பிக்கு,

தேஹுரோட்டில் இருந்து நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். டெலிகிராம் குழுவில் ஒரு பங்கின் பெயர், பக்கத்தில் பச்சை அம்பு, கீழே "உடனே வாங்கு, டார்கெட் 140". இதை நம்பி, நான் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடித்த 60,000 ரூபாயை மொத்தமாக இறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உங்கள் சாக்கன் ஷிப்டில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்களாம். தம்மாமில் என் அறையிலும் இதே பேச்சுதான். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு: வெளிநாட்டுவாழ் இந்தியன் பங்கை அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது, டெலிவரி எடுத்தே தீர வேண்டும். அதனால் என் அறையில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தம்பி, மச்சான் கணக்கில் டிப்ஸை ஓட்டுகிறார்கள்.

அந்தப் பங்கு நல்லதா கெட்டதா என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கும் தெரியாது. அந்தச் செய்தியில் ஓர் எண் இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

டிப் வந்தபோது விலை 120 என்று வைத்துக்கொள். சார்ட்டைத் திறந்தால் கடந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை 112-க்கு இறங்கி, மூன்று முறையும் அங்கிருந்து திரும்பியிருக்கிறது. அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். அதுதான் சப்போர்ட். மேலே 140-ல் இரண்டு முறை முட்டி இறங்கியிருக்கிறது. அங்கே விற்க ஆள் இருக்கிறார்கள், அது ரெசிஸ்டன்ஸ். 111-க்குக் கீழே போனால் நம் கணக்குத் தப்பு என்று முடிவு செய்து, 120-ல் வாங்குகிறோம். தப்பானால் பங்குக்கு 9 ரூபாய் போகும், சரியானால் 20 ரூபாய் வரும். பத்து முறை இப்படி வாங்கி நான்கு முறை சரியாக வந்தாலே கை கடிக்காது.

ஆனால் நீ 120-ல் வாங்கப் போவதில்லை. குழுவில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். நீ ஷிப்ட் முடித்து போனைத் திறக்கும்போது விலை 132 என்று வை. டார்கெட் அதே 140 தான், சப்போர்ட்டும் இடம் மாறவில்லை. இப்போது சரியானால் 8 ரூபாய், தப்பானால் 21 ரூபாய். பத்தில் ஏழு முறைக்கு மேல் ஜெயித்தால்தான் அசலாவது மிஞ்சும். டிப் ஒன்றுதான், ஆனால் அனுப்பியவன் செய்ததும் நீ செய்வதும் வேறு வேறு வியாபாரம். 140 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அடுத்தது, எத்தனை பங்கு என்பது. இதை எந்த டிப்பும் சொல்லாது, சொல்லவும் முடியாது; உன் பையில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு தப்புக்கு மொத்தப் பணத்தில் நூற்றில் ஒன்றுதான் போகலாம் என்று வைத்தால், 60,000-க்கு 600 ரூபாய். பங்குக்கு 9 ரூபாய் ஆபத்து என்றால் 66 பங்கு, சுமார் 7,900 ரூபாய் போதும். 132-ல் வாங்கினால் ஆபத்து 21 ரூபாய், அப்போது 28 பங்கோடு நிறுத்த வேண்டும். நீ நினைத்ததோ மொத்தப் பணத்துக்கும் 454 பங்கு. 111-ல் வெளியே வந்தால்கூட 9,500 ரூபாய்க்கு மேல் காலி. வெளியே வர மனசு வராமல், விலை இன்னும் இறங்கியும் காத்திருந்தால் கதை வேறு.

நம் ஒயரிங் வேலையில் 2.5 ஸ்கொயர் ஒயருக்கு ஒயர் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் எம்சிபி போடுகிறோம். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 20 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 மாட்டினால் டிரிப் நிற்கும், சுவருக்குள் ஒயர் வேகும். 111 என்று வைத்த ஸ்டாப் லாஸை விலை நெருங்கும்போது 105-க்குத் தள்ளுகிறவனும் அதையேதான் செய்கிறான்.

சார்ட் பார்த்தால் போதுமே, பிறகென்ன பயம் என்று நினைத்துவிடாதே. சார்ட்டையே வரைகிறவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் நடந்த சாத்னா பிராட்காஸ்ட் விவகாரம் அதற்கு நல்ல பாடம். செபி உத்தரவு சொல்வதன் சுருக்கம் இது: முதலில் ஒன்றோடொன்று தொடர்புடையவர்கள் தங்களுக்குள் வாங்கி விற்று விலையையும் வால்யூமையும் ஏற்றினார்கள். ஜூலை நடுவில் "தி அட்வைசர்", "மணிவைஸ்" என்ற யூடியூப் சேனல்களில் வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் நிறுவனத்தை வாங்கப் போகிறது, அமெரிக்க நிறுவனம் ஒன்று பக்திப் படங்கள் எடுக்க 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்றெல்லாம் பொய். அந்த வீடியோக்களைப் பரப்ப விளம்பரத்துக்கும் பணம் கொட்டினார்கள். அந்தப் பங்கில் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனது. அவர்கள் ஏறிய விலையில் வாங்க வாங்க, முதலில் ஏற்றியவர்கள் விற்று வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் இடைக்கால உத்தரவு, 2025 மே மாதம் இறுதி உத்தரவு; 58 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொன்னது செபி. அந்த ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு அது எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்பது தனிக் கேள்வி.

வால்யூமோடு விலை ஏறினால் வாங்கலாம் என்ற அரைகுறைப் பாடத்தைப் படித்தவனும் அங்கே மாட்டியிருப்பான். வால்யூம் பட்டையில் யார் யாருக்கு விற்றார் என்று எழுதியிருக்காது. ஆனாலும் ஒன்றை அந்தச் சார்ட்டால் மறைக்க முடியாது: ஓடி ஏறிய விலைக்குக் கீழே, வாங்குகிறவன் நிற்கும் கடைசித் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை. அந்தத் தூரத்தை மேலே செய்த 600 ரூபாய்க் கணக்கில் போட்டால் கைக்கு வருவது அற்பமான எண்ணிக்கைதான். அது பொய்யைக் கண்டுபிடிக்காது, ஆனால் பொய்யில் சிக்கும் பணத்தைச் சுருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இம்மாதிரிச் சின்னப் பங்குகள் திரும்பும்போது லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். விற்க வரிசையில் லட்சம் பங்கு நிற்கும், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். உன் ஸ்டாப் லாஸ் ஆர்டர் திரையில் கிடக்கும், நிறைவேறாது. ஆகவே தினசரி வர்த்தகம் மெலிந்த பங்கில் ஸ்டாப் லாஸை நம்பி எண்ணிக்கை போடக்கூடாது. முழுப் பணமும் போனால் தாங்குமா என்று பார்த்துத்தான் போட வேண்டும். எக்ஸ்சேஞ்சின் ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் அந்தப் பக்கமே போகாதே.

சாக்கனில் அவன் சம்பாதித்தான், இவன் சம்பாதித்தான் என்கிறாய். 2022-23-ல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் என்பது செபியின் ஆய்வு. எஃப் அண்ட் ஓ-வில் 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 பேர். இவர்கள் எல்லோரும் டிப் கேட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேன்டீனில் லாபம் வந்தவன் குரல் மட்டும்தான் கேட்கும்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மூன்றரைக்குச் சந்தை மூடியதும் கூப்பிடுகிறேன். அதற்குள் அந்தப் பங்கின் ஆறு மாத தினசரி சார்ட்டைத் திறந்து, விலை எங்கே திரும்பியது என்று கோடு போட்டு வை. எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் டெலிவரி சதவீதத்தையும், கடைசி இரண்டு காலாண்டுகளின் பங்குதாரர் விவரத்தையும் பார். சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தால் அதைக் குறித்து வை. டிப் அனுப்பியவரிடம் INH என்று தொடங்கும் செபி பதிவு எண் உண்டா என்றும், எந்த விலையில் தன் கணக்குத் தப்பு என்று ஒப்புக்கொள்வார் என்றும் கேள். பதில் வந்தால் அதையும் அனுப்பு.

அண்ணன்
தம்மாம்