சட்ட ஆலோசனை: மாம்பழம் 200 டன், ஓட்டு யாருக்கு?

திருத்தணி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மாந்தோப்பு வைத்திருக்கும் 60 விவசாயிகள் சேர்ந்து விற்கப்போகிறார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பழக்கமான மண்டி வியாபாரி ஒருவர் 1,40,000 ரூபாய் போடுகிறேன், ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கலாம் என்கிறார். அறுபது பேரில் 15 பேருக்குத் தோப்பு நகரி, புத்தூர் பக்கம். கூட்டுறவு சங்கமா, சாதாரண கம்பெனியா, உற்பத்தியாளர் கம்பெனியா, எது சரி?

முதலில் வியாபாரி சொல்லும் வழியைப் பார்க்கலாம். சாதாரண கம்பெனியில் பணம் போட்ட அளவுக்குத்தான் ஓட்டு. மொத்தம் 2 லட்சத்தில் வியாபாரியின் பங்கு 70 சதவிகிதம். இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் சாதாரணத் தீர்மானம்தான். அதற்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். அறுபது பேரும் ஒன்றாகக் கை தூக்கினாலும் தோற்றுவிடுவார்கள். லாபமும் அப்படியே. 200 டன் விற்று, செலவெல்லாம் போக 1,50,000 ரூபாய் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பங்கு விகிதப்படி பிரித்தால் வியாபாரிக்கு 1,05,000. விவசாயிக்கு ஆளுக்கு 750. பத்து டன் கொடுத்தவருக்கும் அதே 750, ஒரு பழம்கூடக் கொடுக்காதவருக்கும் அதே 750.

கூட்டுறவு சங்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஆளுக்கு ஓர் ஓட்டு. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையால் கரும்பு விவசாயிகளுக்கு இது பழகிய ஏற்பாடுதான். ஆனால் சங்கம் பதிவாளரின் பிடியில் இருக்கும். நிர்வாகக் குழுவைக் கலைத்து தனி அலுவலரை உட்கார வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. 2001-ல் தனிச் சட்டமே போட்டு மாநிலம் முழுக்க தனி அலுவலர்களை நியமித்தார்கள். அதைவிட இவர்களுக்குப் பெரிய தடை எல்லை. 1960-ல் ஆந்திராவிலிருந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தது; தோப்புகளும் உறவுகளும் இரண்டு பக்கமும்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவான சங்கத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிந்துவிடும். இரு மாநிலத்துக்குமாகப் பல மாநிலக் கூட்டுறவு சங்கம் தொடங்க, ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குறைந்தது 50 பேர் வேண்டும். நகரிப் பக்கம் இருப்பவர்களோ 15 பேர்.

ஆகவே இவர்களுக்குப் பொருந்துவது உற்பத்தியாளர் கம்பெனி. கூட்டுறவின் குணத்தைக் கம்பெனிச் சட்டத்துக்குள் கொண்டுவர, ஒய்.கே.அலக் குழு பரிந்துரையின் பேரில் 2002-ல் சேர்த்த ஏற்பாடு இது. மத்தியச் சட்டம் என்பதால் உறுப்பினர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். பத்து விவசாயிகள் இருந்தால் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து இயக்குநர்கள் வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். விளைவிக்காத வியாபாரி உறுப்பினராகவே முடியாது. பங்கை வெளியாருக்கு விற்கவும் முடியாது.

லாபக் கணக்கும் மாறுகிறது. அதே 1,50,000-ல் இருப்பு நிதிக்கும் பங்குக்கான சிறு வருமானத்துக்கும் 50,000 ஒதுக்கினால் மீதம் ஒரு லட்சம். அதைக் கொடுத்த சரக்கின் அளவுப்படி போனஸாகப் பிரிக்கலாம். டன்னுக்கு 500 ரூபாய். பத்து டன் கொடுத்தவருக்கு 5,000, இரண்டு டன் கொடுத்தவருக்கு 1,000, வெளியே விற்றவருக்கு ஒன்றுமில்லை.

வியாபாரியின் பணத்தை விட்டுவிட வேண்டுமா? அவசியமில்லை. சரக்குக்கான முன்பணமாக எழுத்தில் வாங்கலாம். ஆனால் 365 நாட்களுக்குள் சரக்கு கொடுத்துக் கழித்துவிட வேண்டும். தனிநபரிடம் வெறும் கடனாக வாங்கினால் டெபாசிட் என்று கருதப்பட்டு வம்பு வரும்.

செலவு உண்டு, மறைக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாத ஒரு முழுநேர முதன்மைச் செயல் அலுவலரைச் சட்டம் கேட்கிறது. மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. டன்னுக்கு 720 ரூபாய். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்காவிட்டால் இது தாங்காது. ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியம் வைத்தார்கள். அதற்குச் சமவெளியில் 300 உறுப்பினர்கள் வேண்டும். இப்போதைய 60 பேரை வைத்து அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஆவணத்தில் கம்பெனியின் பெயரைப் பாருங்கள். 'புரொட்யூசர்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிந்தால் அது சாதாரணக் கம்பெனி. இயக்குநர் பட்டியலில் தோப்பே இல்லாத பெயர்கள், குறிப்பாக வியாபாரி வீட்டு ஆட்கள், இருக்கிறார்களா என்று பாருங்கள். பதிவுக்குப் பத்து பேர் போதும் என்பதால் மீதி 50 பேருக்கு வெறும் ரசீது கொடுத்து நிறுத்துவதும் நடக்கும். ரசீதுக்கு ஓட்டு கிடையாது. ஒவ்வொருவரும் பங்குச் சான்றிதழைக் கையில் வாங்கி, உறுப்பினர் பதிவேட்டில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட வேண்டும்.