பழைய சட்டத்தின் விலையைப் புதியவனிடம் வாங்காதீர்கள்

பாரிமுனைக் கடைவீதிகளின் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு,

காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் விற்கும் சிறுவியாபாரி நான். பழைய கடை கைமாறும்போது கேட்கப்படும் பகடி, குட்வில் பற்றி உங்களிடம் முறையிட இதை எழுதுகிறேன். சட்டப்படி இதில் நீங்கள் யாரும் ஒரு தரப்பு அல்ல. ஆனாலும் பேரம் முடிவது உங்கள் முன்னால்தான். தொகை எவ்வளவு, உரிமையாளருக்கு எத்தனை பங்கு, வெளியேறுகிறவருக்கு எத்தனை பங்கு என்பதை நீங்கள்தான் பேசி முடிக்கிறீர்கள். "வீதி வழக்கம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அதனால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கடைக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, மேலே ஒரு பரண், முன்னால் ஷட்டர். பழைய வாடகைதாரர் மாதம் 5,000 ரூபாய் கொடுத்துவந்தார். அதே வீதியில் அதே அளவுள்ள கடையைப் புதிதாகப் பிடித்தால் 20,000 ஆகும். பேசி முடித்த பகடி 18 லட்சம். அதில் 12 லட்சம் வெளியேறுகிறவருக்கு. மூன்றில் ஒரு பங்கான 6 லட்சம், பெயர் மாற்றித் தருவதற்காக உரிமையாளருக்கு. இரண்டும் ரொக்கம். எனக்குக் கிடைத்த காகிதங்கள் இரண்டே. ஒன்று, பழைய ரேக்கும் கண்ணாடி அலமாரியும் விற்றதாக ஒன்றரை லட்சத்துக்கு எழுதிய ரசீது. மற்றொன்று, மாதம் 17,000 வாடகைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். பகடி என்ற சொல்லும் 18 லட்சம் என்ற எண்ணும் இரண்டிலும் இல்லை.

இந்தப் 18 லட்சம் எங்கிருந்து வந்த கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். பழைய வாடகைக்கும் சந்தை வாடகைக்கும் மாதம் 15,000 வித்தியாசம். வருஷத்துக்கு 1,80,000. பத்து வருஷத்துக்கு 18 லட்சம். ஆக, குறைந்த வாடகையில் பத்து வருஷம் உட்காரும் உரிமைக்கு உண்டான விலை இது. ஒரு காலத்தில் அப்படி ஓர் உரிமை உண்மையாகவே இருந்தது. 1960ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, வாடகை பாக்கி, அனுமதியில்லா உள்வாடகை, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. வாடகையை நினைத்தபடி உயர்த்தவும் முடியாது. அந்தப் பாதுகாப்புக்குத்தான் சந்தையில் விலை பிறந்தது. வாடகைக்கு மேல் பகடி போன்ற தொகையை உரிமையாளர் கேட்பதை அதே சட்டம் தடுத்தது. தடை ஏட்டில் இருந்தது, பணம் கைமாறிக்கொண்டே இருந்தது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்து பழையதை நீக்கிவிட்டது. இன்று வாடகை என்பது இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதுதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் இருப்பதே காலிசெய்யச் சொல்லக் காரணமாகும். உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கடையை இன்னொருவர் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

என் குறையின் மையம் இதுதான். பகடிக்கு அடிப்படையாக இருந்த பாதுகாப்பு போய்விட்டது, பகடி மட்டும் போகவில்லை. என் கணக்கில் சொன்னால், நான் இப்போது சந்தை வாடகையைவிட மாதம் 3,000 ரூபாய்தான் குறைவாகக் கொடுக்கிறேன். அதை வைத்து 18 லட்சத்தை மீட்க ஐம்பது வருஷம் ஆகும். என் கையில் இருப்பதோ பதினொரு மாதம். பகடியில் 10 லட்சத்தை ஒன்றரை வட்டிக்கு வாங்கினேன். மாதம் 15,000 வட்டி. வாடகையோடு சேர்த்தால் 32,000. பகடியே இல்லாமல் சந்தை வாடகைக்கு ஒரு கடை பிடித்தவரைவிட மாதம் 12,000 அதிகம் கட்டிக்கொண்டு அதே பத்திரிகையை அதே விலைக்கு நான் விற்க வேண்டும். மீதி 8 லட்சம், என் மனைவியின் நகையும் ஊரில் இருந்த ஒரு மனையும்.

"வாடகைக்கு மட்டுமா பணம்? ஓடுகிற கடை, குட்வில் இருக்கிறது" என்று பேச்சு நடந்த அன்று சொன்னீர்கள். குட்வில் என்பது பொய்யான சரக்கு அல்ல. எங்கள் தொழிலில் அது கையில் எடுத்துக் காட்டக்கூடியது. கடைப் பெயர், பல வருஷமாக மாறாத போன் நம்பர், சாம்பிள் ஆல்பங்கள், அண்ணனுக்கு அடித்த இடத்திலேயே தம்பிக்கும் அடிக்க வரும் குடும்பங்கள், ஆள் அனுப்பிவைக்கும் மண்டப மேனேஜர்கள். இவற்றுக்கு விலை போடவும் வழி இருக்கிறது. மூன்று வருஷ வருமான வரிக் கணக்கை எடுத்து, சராசரி லாபத்தைப் பார்க்க வேண்டும். அதில் கடையில் உட்காரும் முதலாளியின் உழைப்புக்குச் சம்பளத்தையும் போட்ட முதலுக்கு வட்டியையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பெயரால் வரும் லாபம். அதை இரண்டு அல்லது மூன்று வருஷத்தால் பெருக்குவது கணக்கர்களின் நடைமுறை. என் கடையில் வருஷ லாபம் 6 லட்சம் என்று சொன்னார்கள். சம்பளமாக 3,60,000, வட்டியாக 60,000 கழித்தால் மிஞ்சுவது 1,80,000. மூன்றால் பெருக்கினாலும் 5,40,000. நான் வெளியேறியவருக்கு மட்டும் கொடுத்தது 12 லட்சம்.

அதிலும் அந்த 5,40,000 மதிப்புள்ள சரக்காவது என்னிடம் வந்ததா? ஆறு மாதத்துக்குள் அவர் இரண்டு தெரு தள்ளி அதே பெயரில் கடை திறந்தார். போன் நம்பர் அவரிடமே இருந்தது. தை முகூர்த்தத்துக்குப் பழைய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் என் கடை வாசலில் நின்றார். பத்திரிகைக் கவரின் மடிப்பில் அச்சடித்திருந்த நம்பரைக் கூப்பிட்டார். மறுமுனையில் பழைய கடைக்காரர், "அங்கேயே நில்லுங்க, பையனை அனுப்புறேன்" என்றார். பையன் வந்து என் வாசலிலிருந்தே பெரியவரை அழைத்துப் போனான். அந்தத் தை மாதத்தில் இப்படிப் போனவர்கள் பலர். உங்களிடம் முறையிட்டேன். "தொழில் செய்யாதே என்று யாரைத் தடுக்க முடியும்?" என்றீர்கள்.

தடுக்க முடியும். பொதுவாகத் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவே ஒரு விலக்கும் தருகிறது. குட்வில்லை விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே மாதிரித் தொழிலைச் செய்யமாட்டேன் என்று வாங்கியவருக்கு எழுதிக்கொடுக்கலாம். எல்லை நியாயமானதாக இருந்தால் அது செல்லும். ஆகவே ஒருவர் குட்வில்லுக்குப் பணம் கேட்டு, இந்த வரியை எழுதிக்கொடுக்க மறுத்தால், அவர் குட்வில்லை விற்கவில்லை என்று அர்த்தம். அவர் கேட்பது பகடி. இதைவிடச் சுலபமான பரீட்சை வேறில்லை.

கூட்டாளி வழி பற்றியும் சொல்ல வேண்டும். உரிமையாளர் சம்மதிக்காத கடைகளில், புதியவரைப் பழையவரின் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்த்து, ஒரு வருஷம் கழித்துப் பழையவர் விலகிக்கொள்ளட்டும் என்று யோசனை சொல்கிறீர்கள். பத்திரம் கூட்டாண்மை என்று சொன்னால் மட்டும் போதாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. கடை யார் வசம் இருக்கிறது, கணக்கும் பணமும் யார் கையில், லாப நஷ்டம் உண்மையில் யாருக்கு என்று பார்ப்பார்கள். பழையவர் கடையை முழுசாக விட்டுப் போய்விட்டால் அது உள்வாடகைதான். அப்போது கடையை இழப்பவர் பணம் கொடுத்த புதியவர். யோசனை சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது.

வெளியேறுகிறவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவரும் முப்பது வருஷம் முன் யாருக்கோ பகடி கொடுத்துத்தான் உள்ளே வந்தார், போட்டதை எடுக்க நினைக்கிறார். உரிமையாளரும் பல வருஷம் ஐயாயிரத்துக்கு விட்டு நஷ்டப்பட்டவர். பழைய சட்டத்தால் இருவருக்கும் வந்த இழப்பை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு இழப்பையும் புதிதாக வருகிறவன் தலையில் கட்டுவது எந்த நியாயம்? எனக்குப் பின் வருகிறவனிடம் நான் வசூலித்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தை யார் 18 லட்சம் கொடுத்து வாங்குவார்? இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இப்போது உள்ளே வருகிற எங்கள் தலைமுறைதான்.

ரொக்கம் என்பதே எங்கள் கையைக் கட்டிவிடுகிறது. ஒரே பேரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அதனால் யாரும் ரசீது தருவதில்லை. ரசீது இல்லாததால் வங்கி கடன் தராது, கணக்கில் சொத்தாகக் காட்ட முடியாது, காலிசெய்யச் சொன்னால் திரும்பக் கேட்கவும் முடியாது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் வருஷச் சட்டம், வாடகை உரிமையை மாற்றப் பணம் வாங்குவதை அனுமதித்துவிட்டது. அங்கே அதைப் பத்திரத்தில் எழுத முடிகிறது. இங்கே பணம் மட்டும் உண்டு, எழுத்து இல்லை. பதினொரு மாதம் முடிந்ததும் வாடகையை 20,000 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் காலிசெய்ய வேண்டும் என்கிறார் உரிமையாளர். அவரிடம் காட்ட என்னிடம் இருப்பது ரேக் வாங்கிய ரசீது.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, சங்க அலுவலகத்தில் ரொக்கப் பகடிப் பேரத்துக்கு இனி உட்காராதீர்கள். இரண்டு, கடை கைமாறினால் உரிமையாளர், வெளியேறுகிறவர், வருகிறவர் மூவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். தட்டுமுட்டுக்கு எவ்வளவு, குட்வில்லுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கட்டும். எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். குட்வில்லுக்குப் பணம் வாங்கினால் பெயரும் போன் நம்பரும், போட்டிக் கடை போடமாட்டேன் என்ற எழுத்தும் கூடவே வர வேண்டும். மூன்று, வாடகைக்கும் முன்பணத்துக்கும் மேல் உரிமையாளருக்கு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். பெரிய முன்பணம் கேட்கிறவர் அதற்கேற்ப ஐந்து அல்லது ஒன்பது வருஷத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் குத்தகையைப் பதிந்து தரட்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால்தான் எல்லோரும் பதினொரு மாதத்தில் நிறுத்துகிறார்கள்.

கடை தேடி அலையும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத்தில் காட்ட முடியாத தொகையை யார் கேட்டாலும், எந்தச் சங்கம் நடுவில் இருந்தாலும், கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஈடாக உங்களுக்கு விற்கப்படும் உரிமை 2019இலேயே போய்விட்டது.

இப்படிக்கு,
பாரிமுனையின் ஒரு காகித வியாபாரி