திரும்ப மறந்த மாங்காய்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசியாக நிற்கும் நிலையமாகிய ஆரம்பாக்கத்தில், சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போய் வரும் பெண்கள் சிலர் மாலை வேளைகளில் ஆரிச் சட்டத்தின் முன் அமர்ந்து ரவிக்கைத் துணிகளில் வேலை செய்வதுண்டு. அவர்களில் ஒருவர், போட்ட வேலையைப் பிரித்தெடுப்பதில் விசேஷ சாமர்த்தியம் உள்ளவர். ஒரு முகூர்த்த ரவிக்கையை அவர் பிரித்த விதத்தைச் சமீபத்தில் அருகிருந்து பார்த்தேன்.

அரக்கு நிற ராசில்க் துணி. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு மாங்காய். ஊசித் துளையிட்ட டிரேஸ் பேப்பரை ஒரு கைக்கு வைத்துப் பொடியைத் தேய்த்த பின், மறுகைக்கு அதைப் புரட்டி வைக்க வேண்டும். யாரோ அப்படியே நகர்த்தி வைத்துவிட்டதால், இரு மாங்காய்களின் வாலும் ஒரே திசையை நோக்கிக் கொண்டிருந்தன. உடுத்தினால் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகத் தெரியும்.

பிரிப்பதற்கு முன்னால் அவர் செய்த காரியமே எனக்கு மிகவும் பிடித்தது. புரட்டிய பேப்பரைப் பழைய மாங்காயின்மேல் வைத்து, எந்தெந்த இடம் புதிய வேலைக்கு அடியில் மறையும், எது வெளியே நிற்கும் என்று பார்த்துக்கொண்டார். வயிற்றுப் பாகம் முழுவதும் மறைந்துவிடும்; வளைந்த வால் மாத்திரமே வெறுந்துணியாகக் கண்ணுக்குப் படும். ஆகவே துளை தெரியாமல் மூட வேண்டிய சிரமம் அந்த வாலோடு முடிந்துவிட்டது.

போட்ட வரிசைக்கு நேர் விரோதமான கிரமத்திலேயே பிரிக்க வேண்டும். கடைசியில் தைத்த மணிகள் முதலில், பிறகு உள்நிரப்பு, இறுதியில் ஓரக்கோடு. மணிகளுக்குப் பின்புறத்து நூலை நறுக்கினால் போதும். உள்நிரப்பு பட்டு நூலால் போட்ட சங்கிலித் தையல். முன்பக்கம் கண்ணி கண்ணியாகவும், பின்பக்கம் ஒற்றை நூலாகவும் ஓடுவது. கொக்கி ஊசி கீழேயிருந்து நூலை மேலே இழுத்து, ஒவ்வொரு கண்ணியையும் முந்தைய கண்ணிக்குள் நுழைத்து வருவதால், தையல் முடிந்த முனையிலிருந்து தொடங்கினால்தான் அது அவிழும். தொடங்கிய முனையைப் பற்றி இழுப்பவருக்கு முடிச்சு இறுகுமே ஒழிய நூல் வராது. முடிந்த இடத்துப் பூட்டுத் தையலை அறுத்து, கடைசிக் கண்ணியை ஊசிமுனையால் விடுவித்து, நூலைப் பின்பக்கமாக வாங்கினால் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. ஒரு கையின் விரல் துளைக்கு அருகே துணியைத் தாங்கியிருக்க, மறுகை நூலைச் சாய்க்காமல் நேராக வாங்குகிறது.

“இழுக்கக் கூடாது சார், அது வர்ற பக்கமா வுடணும்,” என்றார் அவர்.

ஓரிடத்தில் நூல் நின்றுவிட்டது. கொக்கி முன்பு நூலின் நடுவே குத்தி, அதன் இழைகளைப் பிளந்து சென்றிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பலாத்காரம் செய்தால் துணியின் இழையும் கூடவே வந்துவிடும்; ஆதலால் அந்தக் கண்ணியை மட்டும் முன்பக்கத்தில் கத்தரித்து, துணுக்குகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, அப்பால் மீண்டும் தொடர்ந்தார். ஜரிகை ஓரக்கோட்டை அவர் அவிழ்க்க முயலவே இல்லை. ஜரிகையின் மேற்பூச்சு பட்டை அராவி இழை கிளப்பிவிடும் என்பதால், சில கண்ணிகளுக்கு ஒருமுறை வெட்டிச் சிறு துண்டுகளாக எடுத்தார்.

இனி வாலின் துளைகள். இவற்றில் இரு ஜாதி உண்டு. ஊசி பாவையும் ஊடையையும் ஒதுக்கிக்கொண்டு போனதால் விழுந்தது ஒன்று. கொக்கி இழையையே அறுத்துவிட்டது மற்றொன்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், முதலாவதில் இழைகள் இருபுறமும் வில்லாக வளைந்திருக்கும். இரண்டாவதில் அறுந்த நுனிகள் பிசிறாக நிற்கும். முன்னது மூடும், பின்னது ஒருநாளும் மூடாது.

துணியைச் சட்டத்திலிருந்து தளர்த்தினார். இழுவிசையில் இருக்கும்வரை துளையும் விரிந்தே இருக்குமல்லவா? பிறகு பின்புறத்தில், மழுங்கிய ஊசிமுனையால் பாவின் போக்கிலும், அதற்குக் குறுக்காக ஊடையின் போக்கிலும் மெள்ள வருடி இழைகளை அவற்றின் ஸ்தானத்துக்குத் திருப்பினார். பருத்தியாக இருந்தால் ஒரு நனைப்பிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டிலோ நீர்க்கறை படியும், சாயமும் கசியும் என்ற பயம் உண்டு. அதனால் தையலுக்குள் போகும் ஓரத்தில் முதலில் பரீக்ஷை செய்து பார்த்துவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைப் பின்புறம் விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தார். ஆவி பட்டதும் இழைகள் கொஞ்சம் உப்பி இடைவெளியை அடைத்துக்கொண்டன.

ஒரு துளை மட்டும் அறுந்த ஜாதி. அதற்குப் பின்னால் ஒட்டும் கேன்வாஸில் நகக்கண் அளவு துண்டு வைத்து இஸ்திரியிட்டு, முன்னால் ஒரு மணியைத் தைத்தார். ஜோடி பொருந்த வேண்டுமே என்று மறுகையிலும் அதே இடத்தில் ஒன்று. சாட்டினிலும் டிஷ்யூவிலும் இந்த உபாயங்கள் எல்லாம் அவ்வளவாகப் பலிப்பதில்லையாம். அந்தத் துணிகளில் பிரிக்கும் வேலை வந்தால், புதிய வேலை பழைய துளைகளை முழுக்க மூடும் என்றால் மட்டுமே அவர் வாங்கிக்கொள்கிறார்.