நிறுத்தி வெச்ச ஒரு ஃபிரேம் சாட்சி ஆகாது: ஒரு வில்லாபுரம் பையனின் முழங்கை

1/ போன மாசம் ஓ.பி.யில ஒரு 13 வயசுப் பையன். வில்லாபுரம். ஷேர் ஆட்டோ ஓட்டுற அப்பா கூட வந்திருந்தான். வலது முழங்கை வீங்கியிருந்தது, தொட்டாலே வலி. எங்கேயும் விழல, யாரும் அடிக்கல. பின்ன எப்படின்னு கேட்டா அப்பா தலையைக் குனிஞ்சிக்கிட்டு போனை நீட்டினார். அதுல ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைப் பத்தித்தான் இந்த நீண்ட இழை.

2/ பையன் ஆஃப் ஸ்பின் போடுறவன். அவன் பந்து போடுறதை கோச் போன்ல வீடியோ எடுத்து, ஒரு இடத்துல நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வளைஞ்ச முழங்கையைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு பெற்றோர் குரூப்ல போட்டிருக்கார். "பந்து வீசல, எறியுறான். கையை நிமிர்த்திட்டு வரச் சொல்லுங்க."

3/ அப்பா என்ன செய்வார்? மூணு வாரமா தினமும் சாயங்காலம் பையன் கையில தண்ணி வாளியைத் தொங்க விட்டிருக்கார். கை நிமிரணுமாம். வீக்கம் அதனாலதான் வந்தது.

4/ கேட்டதுல தெரிஞ்சது: 6 வயசுல மரத்துல இருந்து விழுந்து முழங்கை உடைஞ்சிருக்கு. கட்டு போட்டு கூடிடுச்சு, ஆனா முழுசா நிமிரல. கோனியோமீட்டர் வெச்சு அளந்தேன். நேர்கோட்டுக்கு 20 டிகிரி முன்னாடியே கை நின்னுடுது. எலும்பு கூடின விதம் அப்படி. வாளி கட்டினா அது நிமிராது.

5/ அடிபட்ட முழங்கையை வலுக்கட்டாயமா இழுக்கிறது டாக்டர்கள் பயப்படுற விஷயம். முழங்கையைச் சுத்தியிருக்கிற தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கலாம். அப்படி ஆனா கை இப்ப இருக்கிறதை விட இன்னும் இறுகிடும். எக்ஸ்ரே எடுத்து ஆர்த்தோவுக்கு அனுப்பினோம். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகல. வாளி நின்னதும் வீக்கம் வத்திடுச்சு.

6/ இனி விஷயத்துக்கு வர்றேன். கோச் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. கோபமெல்லாம் "நிறுத்தி ஒரு ஃபிரேம் பார்த்துட்டேன், உண்மை தெரிஞ்சு போச்சு"ங்கிற நம்பிக்கை மேல. மதுரையில சாயங்காலம் எந்த மைதானத்துக்குப் போனாலும் கையில போனோட ஒரு கோச் நிக்கிறார். அந்த நம்பிக்கை ஏன் தப்புன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

7/ முதல்ல விதி. கிரிக்கெட் விதி "கை வளைஞ்சிருக்கக் கூடாது"ன்னு எங்கேயும் சொல்லல. பந்து போடும்போது கை தோள் மட்டத்துக்கு வந்ததுல இருந்து, பந்து கையை விட்டுப் போற வரைக்கும், முழங்கை *நிமிரக்* கூடாது. அவ்வளவுதான். 20 டிகிரி வளைஞ்ச கை அதே 20 டிகிரியிலேயே சுத்தி வந்தா அது சுத்தமான பந்து.

8/ அதாவது விதி கேக்கிறது ஒரு *மாற்றத்தை*. மாற்றத்தைப் பார்க்க ரெண்டு நேரம் வேணும், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டுல மாற்றம் எப்படித் தெரியும்? சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படம் "இந்தப் பையனுக்குக் கை வளைஞ்சிருக்கு"ன்னுதான் சொல்லுது. அதைச் சொல்ல போன் எதுக்கு? அவங்க அம்மாவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

9/ சரி, ரெண்டு ஃபிரேம் எடுத்து ஒப்பிட்டா? இங்கதான் கணக்கு இடிக்குது. சாதாரண போன் வீடியோ செகண்டுக்கு 30 ஃபிரேம். பந்து 72 கி.மீ. வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க, செகண்டுக்கு 20 மீட்டர். பந்தை விடுற நேரத்துல கையும் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் போகும். அப்போ ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கை சுமார் 66 செ.மீ. நகர்ந்திருக்கும். ரெண்டு அடிக்கு மேல!

10/ நீங்க தேடுற தருணம் அந்த ரெண்டு அடி இடைவெளிக்குள்ள விழுந்திருக்கும். போன் அதைப் பார்க்கவே இல்ல. இதுல மங்கலும் சேரும். சாயங்கால வெளிச்சத்துல ஷட்டர் 1/60 செகண்ட் திறந்திருந்தா அந்த நேரத்துக்குள்ள கை 33 செ.மீ. போயிடும். படத்துல தெரியுறது கை இல்ல, கை போன தடம். அதுக்கு மேல கோடு போட்டு டிகிரி அளக்கிறது, ஆத்துத் தண்ணியில கோடு போடுற கதைதான்.

11/ இன்னொண்ணு. ஓடுற சீலிங் ஃபேனை போன்ல எடுத்துப் பாருங்க, சில சமயம் இறக்கை வாழை இலை மாதிரி வளைஞ்சு தெரியும். போன் கேமரா படத்தை ஒரே நேரத்துல எடுக்காது, வரி வரியா எடுக்கும். ஒரு வரியில இருந்து அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள இறக்கை நகர்ந்துடும். வேகமா சுத்துற கைக்கும் இதே கதிதான். நேரான கைகூட வளைஞ்சு தெரியலாம்.

12/ "டாக்டர், என் போன்ல ஸ்லோ மோஷன் இருக்கு, 240 ஃபிரேம்." நல்லது. இப்ப இடைவெளி 8 செ.மீ.தான். ஒரு ஞாயித்துக்கிழமை, ஆர்த்தோ சரின்னு சொன்ன பிறகு, பையனை மெதுவா நாலு பந்து போடச் சொல்லி நாங்களும் எடுத்தோம். பக்கவாட்டுல ஒரு போன், நேர் பின்னாடி ஒரு போன். கை தோள் மட்டத்துக்கு வந்ததுல இருந்து பந்து விடுற வரை 14 ஃபிரேம். செகண்ட்ல 0.058. இதே பந்தை 30 ஃபிரேம்ல எடுத்திருந்தா ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு ஃபிரேம்தான் கிடைச்சிருக்கும்.

13/ இப்ப பிரச்சனை முடிஞ்சுதா? இல்ல. ஒரே பந்து, ஒரே தருணம், பக்கவாட்டு போன்ல கை நல்லா வளைஞ்சிருக்கு. பின்னாடி இருந்த போன்ல கம்பி மாதிரி நேரா இருக்கு. எது உண்மை? ரெண்டுமே நிழல். முழங்கை ஒரு தளத்துல மடங்குது, கேமரா வேற தளத்துல இருந்து பார்க்குது.

14/ நம்பிக்கை இல்லைன்னா வீட்டுல செஞ்சு பாருங்க. பையன் கையில வேண்டாம்னு நான் என் கையிலேயே செஞ்சேன். முழங்கையை லேசா மடக்கி, ஸ்பிளின்ட் வெச்சு இறுக்கிக் கட்டினேன். இனி நானே நினைச்சாலும் நிமிராது. அப்படியே பந்து போடுற மாதிரி கையைச் சுத்தினேன், மனைவி வீடியோ எடுத்தாங்க. ஃபிரேம் ஃபிரேமா பார்த்தா என் கை வளைஞ்சு, அப்புறம் "நிமிருது"! கட்டிப்போட்ட கை! மேல்கை சுழலச் சுழல, அதே வளைவு கேமராவுக்கு ஒரு நேரம் அகலமா, ஒரு நேரம் ஒல்லியாத் தெரியுது. வேற ஒண்ணுமில்ல.

15/ இதே கதை உலகம் பூரா நடந்தது. நம்ம கண்டி முத்தையா முரளிதரன். பிறவியிலேயே முழங்கை முழுசா நிமிராது. 1995 டிசம்பர், மெல்போர்ன் டெஸ்ட்ல அம்பயர் டேரல் ஹேர் 7 தடவை நோ-பால் கொடுத்தார். கண்ணால பார்த்து. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலேயும் ஹாங்காங்கிலேயும் சோதிச்சு, 1996ல அவர் பந்துவீச்சு சரின்னு சொன்னாங்க. ஆனாலும் 1999ல அடிலெய்டுல திரும்ப நோ-பால்.

16/ 2004ல அவர் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை நிமிர முடியாதபடி பிரேஸ் மாட்டிக்கிட்டு, டி.வி. கேமரா முன்னாடி தூஸ்ரா வரைக்கும் போட்டுக் காட்டினார். அப்பவும் பார்க்கிறவங்க கண்ணுக்கு எறியுற மாதிரியேதான் தெரிஞ்சது. நான் வீட்டுல செஞ்சது அதோட ஏழை நகல்.

17/ முரளிக்கு மட்டும் சலுகை குடுத்தாங்கன்னு சொல்றவங்களுக்கு: அந்த வருஷம் தூஸ்ராவைச் சோதிச்சப்ப அன்னைக்கு இருந்த வரம்பைத் தாண்டித்தான் இருந்தது, அதை மறைக்கல. ஆனா மத்த பவுலர்களையும் கருவி வெச்சு அளந்தப்ப, சுத்தமான ஆக்‌ஷன்னு பேர் வாங்கினவங்க கையும் கொஞ்சம் நிமிருதுன்னு தெரிஞ்சது. அதனாலதான் 2005 மார்ச்ல எல்லாருக்கும் பொதுவா 15 டிகிரின்னு வெச்சாங்க. யார் கண்ணுக்கும் தெரியாதது கருவிக்குத் தெரிஞ்சது.

18/ கருவின்னா என்ன? கை, தோள் மேல பளபளக்கிற குண்டுமணி மாதிரி மார்க்கர் ஒட்டி, சுத்தி பல அதிவேக கேமரா வெச்சு, மூணு பரிமாணத்துல கணக்குப் போடுவாங்க. இதுக்கு ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற இடம் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலேயே இருக்கு. சந்தேகம்னா வழி அங்க இருக்கு, வாட்ஸ்அப் குரூப்ல இல்ல.

19/ அப்போ கோச் போனைத் தூக்கி வெச்சிடணுமா? வேண்டாம் சார். போன் நல்லாச் செய்யுற வேலை ரெண்டு இருக்கு. ஒண்ணு, நேரத்தை எண்ணுறது. 240ல ஒரு ஃபிரேம்னா சுமார் 4 மில்லிசெகண்ட். பின்கால் தரையைத் தொட்டதுல இருந்து பந்து விடுற வரை எத்தனை ஃபிரேம், போன மாசம் எத்தனை? கேமரா எந்தக் கோணத்துல இருந்தாலும், கால் பட்டதும் பந்து விட்டதும் தெரிஞ்சா போதும், எண்ணிக்கை ஏமாத்தாது.

20/ ரெண்டு, இடத்தைப் பார்க்கிறது. முன்கால் கோட்டைத் தாண்டுதா, பந்து விடும்போது தலை ஆஃப் சைடுக்குச் சாயுதா. கோட்டைப் பார்க்கணும்னா போன் கோட்டுக்கு நேரா, ஸ்டாண்டுல, அசையாம இருக்கணும். ரெண்டடி முன்னாடி நின்னு எடுத்தா நோ-பாலும் நல்ல பந்தாத் தெரியும். நல்ல வெயில்ல எடுங்க. ஷட்டர் 1/1000 கிடைச்சா மங்கல் 2 செ.மீ.க்குள்ள அடங்கிடும்.

21/ எடுத்ததை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, சுருக்கிடும். டாக்குமென்டா அனுப்புங்க. போன்ல விரலால இழுத்து நிறுத்துறதும் ஃபிரேம் ஃபிரேமா பார்க்கிறது ஆகாது, பல பிளேயர் நடுவுல உள்ளதைத் தாண்டிக் குதிச்சிடும். கம்ப்யூட்டர்ல VLC-யில போட்டு `E` பட்டனைத் தட்டுங்க, ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம். Kinovea-ன்னு ஒண்ணு இலவசமாவே இருக்கு, ஃபிரேம் எண்ண வசதி. அதுல கோணம் அளக்கிற கருவியும் இருக்கும். அது அளக்கிறது படத்துல விழுந்த நிழலோட கோணத்தைங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க.

22/ வில்லாபுரம் பையன் எறியுறானா இல்லையான்னு எனக்கே தெரியாது. என்னோட 14 ஃபிரேமும் அதைச் சொல்லாது. எனக்குத் தெரிஞ்சது, அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் தெரியாதுங்கிறது. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி வட்டம் போட்டுக் காட்டினதால ஒரு அப்பா தன் பிள்ளை கையில வாளி கட்டினார்.

23/ கோச்சுகளே, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். சந்தேகம் வந்தா முதல்ல பையனைக் கூப்பிட்டு ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க. உள்ளங்கை மேல பார்க்கணும். ஒரு கை நிமிரலைன்னா "முன்னாடி எப்பவாவது அடிபட்டுச்சா"ன்னு கேளுங்க, டாக்டர்கிட்ட அனுப்புங்க. ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு ஸ்லோ மோஷன் தேவையில்ல.

24/ பெற்றோர்களே, யார் சொன்னாலும் பிள்ளை மூட்டுல பாரம் கட்டி இழுக்காதீங்க. தம்பி இப்ப திரும்பப் பந்து போடுறான், வேற மைதானத்துல. குரூப்ல அந்தப் படம் இன்னும் அப்படியேதான் இருக்கு.