முதுமை மறதி நோயுள்ள பெற்றோரின் ஓய்வூதியமும் சேமிப்பும்: பிள்ளைகளுக்குச் சட்ட அதிகாரம் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர், பதுளை
ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகம்
செயலாளர், நீதி அமைச்சு
தவிசாளர், சட்ட உதவி ஆணைக்குழு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் மறதி நோயுள்ள தாய் தகப்பனைப் பராமரித்து வரும் பிள்ளைகளின் சார்பில் எமது சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றது. பெற்றோரின் பெயரில் வங்கியில் பணம் இருந்தும் அவர்களுக்கு மருந்து வாங்க அதை எடுக்க வழியில்லை என்பதே எமது முறைப்பாடு.

எம் உறுப்பினர் ஒருவரின் தாயாரது நிலையை எடுத்துக்காட்டாகத் தருகிறோம். அவர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவரது ஊழியர் சேமலாப நிதிப் பணம் நிலையான வைப்பில் உள்ளது. அரச வைத்தியசாலையில் சிற்றூழியராக இருந்து மறைந்த கணவருக்கான விதவை ஓய்வூதியம் வேறொரு கணக்கில் மாதாமாதம் விழுகிறது. நோய் முற்றியபின் அவரது கையொப்பம் மாறிவிட்டது. வங்கி அதை ஏற்கவில்லை. கொஞ்சக் காலம் மகள் தாயின் அட்டையையும் இரகசிய எண்ணையும் கொண்டு பணம் எடுத்தார். அட்டை காலாவதியானதும் அந்த வழியும் அடைபட்டது. சட்டத்தின் பார்வையில் அதற்கு முன்னரும் அவருக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

அற்றோணித் தத்துவம் எழுதிக்கொண்டு வருமாறு வங்கி கூறியது. நொத்தாரிசு தாயாரிடம் அந்தக் கடதாசி எதற்கென்று கேட்டார். "காணி எழுதவா?" என்று தாயார் திருப்பிக் கேட்டார். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்த மறுத்தார். அவர் செய்தது சரியே. எழுதிக் கொடுப்பவர் விளங்கி ஒப்பமிட்டால்தான் அற்றோணித் தத்துவம் செல்லும். அதைவிடப் பெரிய சிக்கல், முன்னரே முறையாக எழுதியிருந்தாலும் எழுதியவர் சித்த சுவாதீனத்தை இழந்ததும் அந்தத் தத்துவம் வலுவிழக்கிறது என்பது. எந்த நாளுக்காக எழுதி வைத்தோமோ அந்த நாளில் அது உதவுவதில்லை. இங்கிலாந்து 2005 ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 2008 ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்களின்படி, ஒருவர் தெளிவாக இருக்கும்போது எழுதிப் பதிவு செய்த அதிகாரம் அவர் தெளிவிழந்த பின்னரும் நிலைத்து நிற்கிறது. 1902 ஆம் ஆண்டின் அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டத்தைச் சார்ந்திருக்கும் நம் நாட்டுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டுமென நீதி அமைச்சைக் கோருகிறோம்.

இன்று எஞ்சியிருக்கும் வழி மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி உறவினர் ஒருவர் மனுவும் சத்தியக்கடதாசியும் தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் மருத்துவச் சான்றுடன் விசாரித்து, தம் அலுவல்களைத் தாமே நடத்த நோயாளியால் இயலாது என்று கண்டால், சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்கும். அவர் சொத்து விபரத்தையும் கணக்கையும் நீதிமன்றுக்குக் காட்ட வேண்டும். இந்தக் கண்காணிப்பை நாம் மனமார வரவேற்கிறோம்; பெற்றோரின் பணத்தைச் சுரண்டும் பிள்ளைகளும் எம்மிடையே உண்டு.

ஆனால் நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சட்டத்தரணியின் கட்டணமும் ஒவ்வொரு தவணைக்கும் இழக்கும் சம்பளமும் தாங்க முடியாதவை. தோட்டப்புறத்தில் பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தாயாரின் பெயர் சேமலாப நிதிப் பதிவில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், விவாகச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் உள்ளது. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்த பிறகே முகாமையாளரைக் கோரும் அவரது வழக்கு நகர்ந்தது. ஆகவே சட்ட உதவி ஆணைக்குழு தோட்டங்களுக்கு அருகில் மாதாந்த நடமாடும் சேவை நடத்தி, இம்மனுக்களைத் தமிழிலேயே தயாரித்துத் தர வேண்டும். பெயர் வேறுபாட்டுக்குரிய உறுதிப்பாட்டைக் கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் அதே இடத்தில் வழங்க மாவட்டச் செயலாளர் ஆவன செய்ய வேண்டும்.

நீதிமன்றக் கட்டளை வரும்வரை நோயாளி உண்ண வேண்டும், மருந்து குடிக்க வேண்டும். வைத்திய நிபுணரின் அறிக்கையும் வழக்குத் தாக்கலான சான்றும் இருந்தால், அந்தந்த மாத ஓய்வூதியத்தை மட்டும் பிரதேச செயலாளரின் மேற்பார்வையில் பராமரிப்பவரிடம் கொடுக்க ஓய்வூதியத் திணைக்களம் சுற்றுநிருபம் வெளியிட வேண்டும். பெறுபவர் மாதாமாதம் செலவுக் கணக்குக் காட்டட்டும். நிலுவைப் பணத்தையும் நிலையான வைப்பையும் கட்டளை வரும்வரை எவரும் தொடக் கூடாது. ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்காக, லயத்தில் படுக்கையில் இருப்பவரைத் தூக்கி வரச் சொல்லாமல், கிராம உத்தியோகத்தர் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

இன்னுமொன்று. நோய் ஆரம்பத்தில் பிடிபடும்போது பெற்றோர் பெரும்பாலும் விளங்கியே ஒப்பமிடுவர். வைப்பைக் கூட்டுக் கணக்காக மாற்றவும், பெயர்களைத் திருத்தவும், பின்னுரித்தாளரைப் பதியவும் அதுவே ஏற்ற காலம். நோயை நிர்ணயிக்கும் அன்றே வைத்தியசாலை குடும்பத்தினருக்கு இதை எழுத்தில், தமிழில் அறிவிக்க மாவட்டச் செயலாளர் சுகாதார அதிகாரிகளுடன் கலந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவை குறித்து மாவட்டச் செயலகத்தில் வங்கிகளின் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டமொன்றுக்குத் திகதி தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் ஆவணங்களை, அவர்களது சம்மதத்துடன், அன்று சமர்ப்பிப்போம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
பதுளை